ஏரோப்ளேன் மோட் எதை அணைக்கிறது, எப்போது பேட்டரியை மிச்சப்படுத்துகிறது

வால்பாறைக்கு அருகே ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்க்கும் மாமா வீட்டில் சில நாள்கள் தங்கியிருந்தேன். முதல் இரவு பத்து மணிக்கு 80 சதவீத சார்ஜோடு போனைத் தலைமாட்டில் வைத்தேன். காலை ஆறு மணிக்கு அது 66 காட்டியது. இடையில் ஓர் அழைப்பும் வரவில்லை, திரையை நான் தொடவும் இல்லை. மறுநாள் இரவு அதே இடத்தில், அதே 80 சதவீதத்தில், ஏரோப்ளேன் மோடைப் போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் 78 இருந்தது. கோயம்புத்தூருக்குத் திரும்பியபின் வீட்டிலும் இதையே இரண்டு இரவுகள் செய்து பார்த்தேன். மோட் போடாத இரவில் 4 சதவீதம் குறைந்தது, போட்ட இரவில் 2 சதவீதம் குறைந்தது. ஒரே போனில் ஒரே பொத்தானை அழுத்தியதற்கு மலையில் 12 சதவீதமும் ஊரில் வெறும் 2 சதவீதமும் மிச்சமானது ஏன் என்பதைப் புரிந்துகொண்டால், இந்த மோட் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

முதலில், இந்தப் பொத்தான் எதை அணைக்கிறது என்பதைப் பார்க்கலாம். போனுக்குள் ரேடியோ அலைகளை அனுப்பவும் வாங்கவும் தனித்தனிச் சுற்றுகள் இருக்கின்றன. டவரோடு பேசுவதற்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று, புளூடூத்துக்கு ஒன்று, கடையில் போனைத் தொட்டுப் பணம் செலுத்தும் என்எஃப்சிக்கு ஒன்று. ஏரோப்ளேன் மோட் இவற்றில் அலைகளை வெளியே அனுப்பும் சுற்றுகளை அணைக்கிறது. டவரோடு பேசும் சுற்று எந்தப் போனிலும் விதிவிலக்கின்றி அணையும். அது அணைந்தால் அழைப்பு, குறுஞ்செய்தி, மொபைல் டேட்டா மூன்றும் நின்றுவிடும். வைஃபையும் புளூடூத்தும் வழக்கமாக அதனோடு சேர்ந்தே அணையும். ஆனால் மோட் போட்டபிறகு அவற்றை மட்டும் தனியே மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். புதிய போன்கள் பலவும் நாம் முன்பு செய்ததை நினைவில் வைத்துக்கொள்கின்றன. ஒருமுறை மோடுக்குள் வைஃபையை இயக்கியிருந்தால், அடுத்த முறை மோட் போடும்போது அதை அணைக்காமலே விட்டுவிடும். காதில் புளூடூத் இயர்போன் இணைந்திருக்கும்போது மோட் போட்டால் பாட்டு நிற்காமல் ஓடுவதும் இப்படிப்பட்ட ஏற்பாட்டால்தான். ஆகவே திரையின் மேல்முனையில் விமானக் குறி தெரிவதை மட்டும் வைத்து எல்லா ரேடியோவும் அணைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பக்கத்தில் வைஃபை குறியும் புளூடூத் குறியும் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஆண்ட்ராய்டு போன்களில் இது ஒற்றைச் சுவிட்சு அல்ல, பெயர்ப் பட்டியல்தான் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கம்ப்யூட்டரோடு போனை இணைத்துக் கட்டளை தரப் பழகியவர்கள் இதை இட்டுப் பார்க்கலாம். மற்றவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்வதால் எதையும் இழக்கப்போவதில்லை.

```
adb shell settings get global airplane_mode_radios
```

விடையாக cell, bluetooth, wifi போன்ற பெயர்கள் வரிசையாக வரும். மோட் போட்டால் அணைய வேண்டியவை அவை. போனுக்குப் போன் இந்தப் பட்டியல் சற்று மாறும் என்பதால்தான், ஒருவருடைய போனில் என்எஃப்சி அணைகிறது, இன்னொருவருடையதில் அணைவதில்லை.

ஜிபிஎஸ் பலரைக் குழப்பும் இடம். அது எதையும் வெளியே அனுப்புவதில்லை. செயற்கைக்கோள்கள் அனுப்பும் அலைகளை வாங்கி, தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்கிடும் வேலையை மட்டுமே செய்கிறது. அதனால் இன்றைய போன்களில் பெரும்பாலும் மோட் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். முன்பே இறக்கி வைத்த வரைபடம் இருந்தால் நீலப் புள்ளி நகர்வதைக் காணலாம். ஒரு வேறுபாடு உண்டு. நெட்வொர்க் இருக்கும்போது, எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தைப் போன் இணையத்திலிருந்து நொடியில் வாங்கிக்கொள்ளும். மோட் போட்டால் அதே விவரத்தைச் செயற்கைக்கோளிடமிருந்தே வாங்க வேண்டும். அதுவோ நொடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில் வருகிறது. அதனால் முதல்முறை இடத்தைக் கண்டுபிடிக்க அரை நிமிடமோ சில நிமிடங்களோ ஆகலாம். போன் கெட்டுவிட்டதாக நினைக்காமல் திறந்த வெளியில் சற்றுப் பொறுத்திருந்தால் போதும். அலாரம், கேமரா, இறக்கி வைத்த படம், நடந்த அடிகளை எண்ணும் செயலி ஆகியவற்றுக்கும் இந்த மோடுக்கும் தொடர்பே இல்லை. காலை அலாரம் அடிக்காமல் போய்விடுமோ என்று மோட் போடத் தயங்குபவர்கள் இருக்கிறார்கள், அடிக்கும்.

பெயர் விமானத்திலிருந்து வந்ததற்குக் காரணம், போன் விமானத்தை வீழ்த்திவிடும் என்ற அச்சம் மட்டுமல்ல. தரையில் இருக்கும் போனுக்கு அக்கம்பக்கத்து டவர்கள் சிலவே எட்டும். பல ஆயிரம் அடி உயரத்தில் இருக்கும் போனோ ஒரே நேரத்தில் ஏராளமான டவர்களுக்குத் தெரியும். இது தரையிலுள்ள நெட்வொர்க்கைக் குழப்பும் என்பதால், அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1991இல் பறக்கும் விமானத்தில் அன்றைய செல்போன்களைப் பயன்படுத்தத் தடை விதித்தது. பழைய 2ஜி போனை ஸ்பீக்கர் அருகே வைத்தால் அழைப்பு வருவதற்கு முன்பே 'டிர்ர்-டிட்-டிட்' என்று ஓர் ஓசை எழும், நினைவிருக்கலாம். விமானியின் ஹெட்செட்டில் அப்படி ஓசை வந்தால் எரிச்சலாக இருக்கும் என்பதும் ஒரு காரணம்.

டவரைத் தேடும் செலவு

இனி வால்பாறைக் கணக்குக்கு வரலாம். சும்மா கிடக்கும் போன் உண்மையில் சும்மா கிடப்பதில்லை. 'எனக்கு அழைப்பு உண்டா?' என்று கேட்பதற்காக அதன் ரேடியோ ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை கண் விழித்து, டவர் சொல்வதைக் கேட்டுவிட்டு மீண்டும் தூங்கும். டவர் அருகில் இருந்தால் இது கண நேரத்தில் முடிந்துவிடும். இதற்கு ஆகும் மின்சாரமும் மிகக் குறைவு. அவ்வப்போது மின்னஞ்சல், வாட்ஸ்அப் போன்ற செயலிகள் பின்னணியில் தகவல் பரிமாறும்போதுதான் ரேடியோ முழுமையாக எழுந்து அலைகளை அனுப்ப வேண்டியிருக்கும். ஒரு சின்னஞ்சிறு செய்தி பரிமாறி முடித்த பிறகும், வேறு ஏதாவது வருமோ என்று அது இன்னும் சில நொடிகள் விழித்தே இருக்கும். ஆட்டோக்காரர் சிக்னலில் எஞ்சினை அணைக்காமல் காத்திருப்பது போலத்தான் இதுவும்.

சிக்னல் குறைந்த இடத்தில் இந்த வேலைகள் ஒவ்வொன்றும் கடினமாகின்றன. டவர் எட்டத்தில் இருந்தால், தன் குரல் அதை எட்டுவதற்காகப் போன் அலையின் வலிமையைக் கூட்டுகிறது. 4ஜி போன் அனுப்பக்கூடிய அதிகபட்ச வலிமை 0.2 வாட், அவ்வளவு வலிமையான அலையை உருவாக்கப் பேட்டரியிலிருந்து அதைப்போல் சில மடங்கு மின்சாரம் எடுக்க வேண்டும், மீதி வெப்பமாகப் போய்விடும். மலைச்சரிவில் பேசும்போது போனின் முதுகு சுடுவது இதனால்தான். வலிமையைக் கூட்டியும் பாதிச் செய்தி சிதைந்து போகும்போது அதைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். வேகமும் குறைவு என்பதால் ஒரு நொடியில் முடிய வேண்டியது பல நொடிகள் ஆகும். இதோடு, பக்கத்து மலையில் இருக்கும் இன்னொரு டவர் இதைவிட நன்றாகக் கேட்கிறதா என்று அடிக்கடி அளந்து பார்க்கும் வேலையும் சேர்கிறது. சிக்னல் அடியோடு போய்விட்டால், தனக்குத் தெரிந்த அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் துழாவிப் பார்க்கும். கிடைக்காவிட்டால் சற்று ஓய்ந்துவிட்டு மறுபடியும் துழாவும். மாமா வீட்டு இரவில் குறைந்த 14 சதவீதத்தில் பெரும்பகுதி இப்படிப் போனதுதான். கோயம்புத்தூரில் டவர் கூப்பிடு தூரத்தில் இருந்ததால் போனுக்கு அந்தப் பாடில்லை; ஆகவே மோட் மிச்சப்படுத்துவதற்கும் அதிகம் இல்லை.

உங்கள் இடம் எந்த வகை என்பதைச் சிக்னல் கோடுகளை எண்ணிச் சொல்வது சரியாக வராது, ஏனெனில் எத்தனை கோடு காட்டுவது என்பதைப் போன் தயாரிப்பாளர்கள் தங்கள் விருப்பப்படியே முடிவு செய்கிறார்கள். ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் போன் பற்றிய பகுதியில் சிம் நிலை என்ற இடத்தைத் திறந்தால், dBm என்ற அலகோடு ஓர் எதிர்மறை எண் இருக்கும். 4ஜியில் அது -85 போல இருந்தால் நல்ல சிக்னல். -110க்குக் கீழே போனால் மெலிந்த சிக்னல். இந்த அளவில் ஒவ்வொரு பத்து எண் இறக்கத்துக்கும் சிக்னலின் வலிமை பத்தில் ஒன்றாகிறது. மாமா வீட்டுப் படுக்கையறையில் நான் பார்த்தது -116. கோயம்புத்தூர் வீட்டில் -86. இடையே முப்பது எண்தான் வேறுபாடு என்றாலும், மலையில் போனுக்குக் கிடைத்தது ஊரில் கிடைப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இரண்டு சிம் போட்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு சிம்முக்கு வீட்டில் நல்ல சிக்னல் இருந்தாலும் இன்னொன்றுக்கு இல்லாமல் இருக்கலாம்; அப்போது முதல் சிம் அமைதியாக இருக்க, இரண்டாவது சிம் நாளெல்லாம் டவரைத் தேடிக்கொண்டே பேட்டரியைத் தின்னும். பேட்டரி ஏன் வேகமாக இறங்குகிறது என்று தெரியாமல் போனையே மாற்ற நினைப்பவர்கள் முதலில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். இதற்கு ஏரோப்ளேன் மோட் தேவையில்லை. சிம் அமைப்புகளில் அந்த ஒரு சிம்மை மட்டும் அணைத்தால் போதும், மற்றதில் அழைப்புகள் வழக்கம்போல் வரும்.

சார்ஜ் வேகமாக ஏறுமா

வால்பாறைக்குப் போகும்போது சார்ஜரை மறந்துவிட்டுக் கேபிளை மட்டும் எடுத்துப் போயிருந்தேன். மாமாவின் பழைய லேப்டாப்பில் போனைச் செருகியபோது அவர் சொன்னார்: "ஃப்ளைட் மோட்ல போட்டு வை மாப்ள, சீக்கிரம் ஏறிரும்." இந்த அறிவுரையைக் கேட்காதவர்களே இருக்க மாட்டார்கள். அது உண்மையா என்பதற்கு ஒரே விடை கிடையாது. அந்த வீட்டில் உண்மை, என் வீட்டில் பொய்.

சார்ஜர் தரும் மின்சாரம் முழுவதும் பேட்டரிக்குப் போவதில்லை. போன் அந்த நேரத்தில் ஓடுவதற்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொள்ளும், மிஞ்சுவதுதான் பேட்டரிக்கு. குழாயில் வரும் தண்ணீரில் சமையலறை எடுத்ததுபோக மீதி தொட்டிக்குப் போவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். குழாயில் வருவதே சிறு தாரை என்றால் சமையலறை எடுக்கும் ஒரு குடமும் தொட்டியில் தெரியும். பெருந்தாரை என்றால் தெரியாது.

லேப்டாப்பின் பழைய யுஎஸ்பி துளை 5 வோல்ட்டில் 0.5 ஆம்பியர், அதாவது 2.5 வாட் தரும். கேபிளிலும் மாற்றத்திலும் வீணாவது போக ஏறத்தாழ 2.1 வாட் பயன்பாட்டுக்குக் கிடைக்கிறது என்று கொள்வோம். 5000 எம்ஏஎச் பேட்டரி ஒன்று ஏறத்தாழ 19 வாட்-மணி ஆற்றலைக் கொள்ளும். முதல் இரவில் எட்டு மணி நேரத்தில் 14 சதவீதம் போனது என்றால், மெலிந்த சிக்னலில் போன் சராசரியாக 0.33 வாட் எடுத்துக்கொண்டிருந்தது என்று பொருள். மோட் போட்டபோது அது 0.05 வாட்டாகக் குறைந்தது. 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை ஏற்ற ஏறத்தாழ 11.5 வாட்-மணி வேண்டும். மோட் இல்லாமல் பேட்டரிக்குக் கிடைப்பது 1.77 வாட், ஆகவே ஆறரை மணி நேரம். மோட் போட்டால் 2.05 வாட், ஐந்தே முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. மாமா சொன்னதால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் மிச்சம்.

இதே கணக்கைக் கோயம்புத்தூர் வீட்டில் 25 வாட் சார்ஜரோடு போட்டால் சிரிப்புதான் வரும். அங்கே மோட் போட்டால் குறையும் செலவு 0.05 வாட்தான். ஒரு மணி நேரச் சார்ஜில் அது மிச்சப்படுத்துவது ஏறத்தாழ பத்து நொடி. பல நேரங்களில் அந்தப் பத்து நொடியும் கிடைக்காது, ஏனெனில் வேகமான சார்ஜரில் தடையாக இருப்பது சார்ஜர் அல்ல, பேட்டரிதான். லித்தியம் பேட்டரி நிரம்பி வரும்போது தன்னைக் காத்துக்கொள்ள உள்ளே வாங்கும் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். 80 சதவீதத்துக்குப் பிறகு நத்தையாக நகர்வது அதனால்தான். அந்தக் கட்டத்தில் சார்ஜரிடம் மிச்சத் திறன் இருக்கிறது. போன் ஓடுவதற்கு வேண்டியதை அது தனியே கொடுத்துவிடும். பேட்டரி வாங்கும் அளவை எந்தப் பொத்தானும் கூட்ட முடியாது.

சூடும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. போன் சூடேறினால் சார்ஜ் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெலிந்த சிக்னலில் வேகமாகச் சார்ஜ் செய்துகொண்டே ஹாட்ஸ்பாட் கொடுப்பவருக்கு, அதை நிறுத்திவிட்டு மோட் போடுவது சூட்டைக் குறைத்து உதவலாம். ஆனால் அந்த நிலையில் திரையை அணைத்துப் போனைத் தலையணையிலிருந்து எடுத்து மேசைமேல் வைப்பது அதைவிட அதிகம் உதவும். படம் பார்க்கும்போது திரையும் செயலியும் சேர்ந்து ஒரு வாட்டோ அதற்கு மேலோ எடுப்பது சாதாரணம். லேப்டாப் துளையில் செருகிப் படம் பார்த்தால் பாதி மின்சாரம் படத்துக்கே போய்விடும். ஆகவே, மோட் போட்டுவிட்டு இறக்கி வைத்த படத்தைப் பார்த்துக்கொண்டே சார்ஜ் செய்பவர் ஒரு ரூபாய் மிச்சப்படுத்திப் பத்து ரூபாய் செலவழிக்கிறார்.

சுருங்கச் சொன்னால் கடினமாகத் தோன்றும் ஒன்று, கையால் செய்து பார்த்தால் எளிது: உங்கள் சார்ஜரில் 'Output' என்ற சொல்லுக்கு எதிரே இருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். விடை 5 வாட் அளவிலோ அதற்குக் கீழோ இருந்து, சிக்னலும் மெலிந்திருந்தால் மோட் போடுவது பொருளுள்ள செயல். பவர்பேங்கின் பழைய துளை, மலைவழிப் பேருந்தின் யுஎஸ்பி துளை ஆகியவை இந்த வகையில் சேரும். ரயில் பயணத்தில் போன் டவர் விட்டு டவர் மாறிக்கொண்டே ஓடுவதால் அங்கே மோடின் பயன் இன்னும் கூடும்.

போட்டு எடுத்துக்கொண்டே இருந்தால்

மோடைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போட்டு எடுப்பது பயன் தராது. எடுக்கும் ஒவ்வொரு முறையும் போன் டவரைப் புதிதாகத் தேடி, தன்னைப் பதிவு செய்துகொண்டு, தேங்கிக் கிடந்த செய்திகளையெல்லாம் ஒரே மூச்சில் இறக்கும். மெலிந்த சிக்னலில் இது இன்னும் நேரமெடுக்கும். குறைந்தது ஓரிரு மணி நேரமாவது யாரும் அழைக்கத் தேவையில்லை என்று தெரிந்தால் போடுங்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு: நெட்வொர்க் இருந்தும் டேட்டா ஓடாமல் சிக்கிக்கொள்ளும்போது மோடைப் போட்டுப் பத்து நொடி கழித்து எடுத்தால் போன் டவரிடம் புதிதாகப் பதிவு செய்துகொள்ளும், சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மோட் இருக்கும்போது வரும் அழைப்பு உங்களை எட்டாது. குறுஞ்செய்தி மட்டும் நெட்வொர்க் நிறுவனத்தின் கிடங்கில் காத்திருந்து, மோடை எடுத்தபின் வந்து சேரும். ஆனால் வங்கி அனுப்பிய ஓடிபி சில நிமிடங்களில் காலாவதியாகி இருக்கும். வயதான பெற்றோர் தனியே வேறூரில் இருப்பவர்கள் இரவு முழுவதும் மோட் போடும் முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீட்டில் நல்ல வைஃபை இருந்து டவர் சிக்னல் மட்டும் மெலிந்திருந்தால், மோட் போடுவதற்கும் போடாமல் இருப்பதற்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. போன் அமைப்புகளில் வைஃபை காலிங்கை இயக்கிவிட்டு, ஏரோப்ளேன் மோடைப் போட்டு, பிறகு வைஃபையை மட்டும் மீண்டும் இயக்க வேண்டும். உங்கள் போனும் நெட்வொர்க் நிறுவனமும் இதற்கு இடம் தந்தால், அதே எண்ணுக்கு வரும் அழைப்புகள் வைஃபை வழியாக வந்து சேரும். டவரைத் தேடும் செலவும் இருக்காது. வேறொரு போனிலிருந்து அழைத்தும் குறுஞ்செய்தி அனுப்பியும் சோதித்துவிட்டு நம்புவது நல்லது. அடுத்த ஆண்டு நான் போனபோது எஸ்டேட் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்திருந்தது. மாமாவின் போனில் இப்போது இரவும் பகலும் விமானக் குறி இருக்கிறது, அழைப்புகள் தெளிவாகவே வருகின்றன. மழைக்காலத்தில் மின்சாரம் போய் ரவுட்டர் அணையும்போது மட்டும் அவர் நினைவாக மோடை எடுத்துவிட்டு, சிக்னல் சற்றுக் கிடைக்கும் முன்வாசல் திண்ணையில் போனைக் கொண்டுபோய் வைக்கிறார்.